பள்ளி மேலாண்மைக் குழுவில் நாம் பேசாத ஒரு விஷயம்

போன மாதம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். நானும் ஒரு உறுப்பினர். மகள் அங்கே நான்காம் வகுப்பு படிக்கிறாள். கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். எல்லாம் தேவையான பேச்சுதான். தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போது, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, எம் பையன் மூணாவது வந்துட்டான். அவனுக்கு வாசிக்கத் தெரியுதா இல்லையான்னே எனக்குத் தெரியல. நான் பள்ளிக்கூடம் போகாதவ. இதை யாருகிட்ட கேக்கறது?"

அவரும் குழு உறுப்பினர்தான். ஒன்றரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தவர். அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்க இடமே இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பெற்றோர் கையில் அதிகாரம் கொடுத்தால் பள்ளி சரியாகும், பிள்ளை படிக்கும் என்பது இதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதித்த ஒரு ஆய்வு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 2005-06இல் நடந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ருக்மிணி பானர்ஜி உள்ளிட்டோர் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து 280 கிராமங்களில் செய்தார்கள்.

அங்கேயும் அப்போது கிராமக் கல்விக் குழு இருந்தது. ஊர்த் தலைவர், தலைமை ஆசிரியர், மூன்று பெற்றோர். பணம் கேட்கலாம், கூடுதலாக ஒப்பந்த ஆசிரியர் வைக்கச் சொல்லலாம், மேலிடத்துக்குப் புகார் எழுதலாம். ஆனால் பத்தில் ஒன்பது பெற்றோருக்கு மேல் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியவில்லை. தான் உறுப்பினர் என்பதே தெரியாத உறுப்பினர்களும் இருந்தார்கள்.

கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியில் எதுவும் செய்யவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இரண்டாவது பகுதியில் தெருத் தெருவாகப் பேசி, பிறகு ஊர்க் கூட்டம் போட்டு, குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். மூன்றாவது பகுதியில் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது: ஊர்க்காரர்களே பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிச் சோதித்து, எழுத்து தெரிந்தவர் எத்தனை பேர், கதை வாசிப்பவர் எத்தனை பேர் என்று அட்டை தயாரித்து, கூட்டத்தில் வைத்தார்கள். நான்காவது பகுதியில் இவை எல்லாவற்றோடும், விருப்பமுள்ள ஊர் இளைஞர்களுக்கு நான்கு நாள் வாசிப்புப் பயிற்சி. அவர்கள் பள்ளி நேரம் போக, தினம் இரண்டு மணி நேரம் போல, சில மாதங்கள் வாசிப்பு முகாம் நடத்தினார்கள்.

முடிவு? கூட்டங்களுக்கு ஆட்கள் நன்றாகவே வந்தார்கள். ஆனால் இரண்டாவது, மூன்றாவது பகுதிகளில் பெற்றோரின் ஈடுபாடும் மாறவில்லை, ஆசிரியர் வேலையும் மாறவில்லை, பிள்ளைகளின் வாசிப்பும் மாறவில்லை. "உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று எண்ணிக்கையோடு சொன்ன பிறகும் மாறவில்லை. நான்காவது பகுதியில் மட்டும் மாறியது. ஒரு எழுத்துகூடத் தெரியாமல் இருந்து முகாமுக்கு வந்த பிள்ளை எழுத்துகளை அடையாளம் காணும் வாய்ப்பு, முகாம் இல்லாத கிராமத்தில் அதே நிலையில் இருந்த பிள்ளையைவிட 60 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது.

அதே முகாமுக்கு ஊரின் மொத்தப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட வரவில்லை. வந்தவனுக்குப் பெரிய பலன், வராதவனுக்கு ஒன்றுமில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதை வைத்து "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அக்கறை இல்லாத ஊரில் சம்பளமே வாங்காமல் இளைஞர்கள் மாதக்கணக்கில் முகாம் நடத்தியிருப்பார்களா? தலைமை ஆசிரியரைக் கேள்வி கேள், அதிகாரிக்கு மனு எழுது என்று சொன்னால், ஒரு தாய் யாரை நம்பி அதைத் தொடங்குவார்? அவர் பிள்ளை நாளைக்கும் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளையை இந்த மாலையில் இப்படி வாசிக்கச் சொல் என்றால், வேலை கையில் இருக்கிறது. செய்ய ஆட்கள் வருகிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். கனடாவின் ஆய்வாளர் மோனிக் செனெஷால் 2008இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லாமே மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியவை. பெற்றோர் சும்மா கதை வாசித்துக் காட்டியதால் பிள்ளையின் வாசிப்புத் திறன் பெரிதாகக் கூடவில்லை. பிள்ளை வாசிக்கப் பெற்றோர் கேட்டபோது கூடியது. எழுத்தையும் சொல்லையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பெற்றோருக்குக் காட்டிக்கொடுத்தபோது இன்னும் அதிகம் கூடியது. கதை வாசித்துக் காட்டுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்வளத்துக்கும் ஆசைக்கும் அது வேண்டும். ஆனால் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

சரி, படிக்காத அம்மா என்ன செய்வார்? அன்று மாலை அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். பையன் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து ஒரு பாடத்தை மடமடவென்று ஒப்பித்தான். அவர் முகத்தில் நிம்மதி. நான் கடைசி வரியில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன கண்ணு?" என்றேன். நின்றுவிட்டான். பிறகு முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டி, அந்த இடத்துக்கு வந்து சேரப் பார்த்தான். பாடம் மனப்பாடம், வாசிப்பு இல்லை. 'கெ', 'கே' இரண்டையும் ஒன்றாகவே சொன்னான். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று பார்க்கும் பழக்கமே வரவில்லை.

இதைப் பிடிக்க அம்மாவுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. பாடத்தைப் பின்னாலிருந்து வரி வரியாக வாசிக்கச் சொல்லலாம். ஒரு சொல்லைக் காட்டி, "இதே சொல் இந்தப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கு, காட்டு" என்று கேட்கலாம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். அக்கா அப்போதே செய்து பார்த்தார். இரண்டாவது தடவை பையன் தப்பாகக் காட்டியதை அவரே பிடித்தார்.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். பீகாரிலும் ராஜஸ்தானிலும் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு, பிள்ளைக்கு வீட்டில் உதவும் பயிற்சி, இரண்டும் சேர்ந்தது என்று மூன்று விதமாகச் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் மூன்றிலுமே கூடியது, ஆனால் கொஞ்சமாகத்தான். வகுப்பறையில் ஆசிரியர் செய்ய வேண்டியதை வீடு ஈடுகட்ட முடியாது.

குழுக்கள் வீண் என்றும் நினைக்கவில்லை. இந்தோனேசியாவில் பள்ளிக் குழுக்களுக்குப் பணமும் பயிற்சியும் மட்டும் கொடுத்தபோது கற்றலில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. குழுவைக் கிராம மன்றத்தோடு உட்கார்ந்து திட்டம் போட வைத்தபோது பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. தனியாக நிற்கும் குழுவுக்குக் கை நீளாது. நம் குழுத் தீர்மானங்கள் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, முதல் அரை மணி நேரம் கதவும் சுவரும் வேண்டாம்; ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, பார்த்திராத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு, திணறும் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் உட்கார ஊரில் யார் யார் வருவார்கள் என்று அங்கேயே பெயர் எழுத வேண்டும். என் பெயரையும், கல்லூரியில் படிக்கும் இரண்டு தங்கைகளின் பெயரையும் ஏற்கெனவே எழுதிவிட்டேன். அந்த அக்கா, கோயில் மண்டபத்தைக் கூட்டி விளக்குப் போட்டு வைப்பது தன் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்.