கேள்வியில் நிற்கும் கதையை எடுங்கள்

ஐந்து வயது மகன், பதின்மூன்று வயது மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிற மாதிரி எந்தக் கதையை வாசிப்பது? முதலில் எல்லோரையும் போல நானும் சின்னவனுக்குப் புரிகிற கதைகளாகத்தான் எடுத்தேன். மூன்றாம் நாள் மகள் எழுந்து போய்விட்டாள். அம்மா பேரனுக்காக உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அப்புறம் வேதாளக் கதைகளுக்கு வந்தேன். இப்போது உறுதியாகச் சொல்வேன்: பல வயதுக்காரர்கள் கூடிக் கேட்க, முடிவில் ஒரு வழக்கை வைத்துவிட்டு நிற்கிற கதைதான் சரி. சின்னவனுக்குப் பிணமும் முருங்கை மரமும் போதும். பெரியவர்களுக்கு அந்த வழக்கு.

ஒரு கதையையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெண்ணைக் கேட்டு மூன்று இளைஞர்கள் வருகிறார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவரும் உயிரை விட்டுவிடுவார்கள் என்று பயந்து, அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. மூவரும் அவள் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே கிடக்கிறார்கள். திடீரென்று காய்ச்சல் கண்டு அவள் இறந்துபோகிறாள். ஒருவன் அவளை எரித்த சாம்பல் மேலேயே படுத்துக்கொள்கிறான். ஒருவன் எலும்பை எடுத்துக்கொண்டு கங்கைக்குப் போகிறான். ஒருவன் பரதேசியாக அலைந்து, இறந்தவரை எழுப்பும் மந்திரத்தோடு திரும்புகிறான். அவள் எழுந்து வந்ததும் மூன்று பேரும் சண்டை போடுகிறார்கள். அவள் யாருக்கு மனைவி?

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். விக்கிரமாதித்தன் சொன்ன பதில் அடுத்த வரியிலேயே இருக்கும். கண் தானாக அங்கே ஓடும், வாயும் சேர்ந்து ஓடிவிடும். அதனால் அந்த வரிக்கு முன்னால் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவைக்கிறேன். பதிலைக் கேட்கும்போது சின்னவனிடமிருந்து தொடங்குவேன். அம்மா முதலில் பேசிவிட்டால் அதற்குமேல் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

சாம்பலில் படுத்தவனுக்குத்தான் என்றான் மகன், ராத்திரி தனியாகப் பயந்திருப்பானாம். முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்த ஒருத்தனுக்கும் கொடுக்கக் கூடாது என்றாள் மகள். எழுப்பியவனை விட்டுவிட்டு வேறு யாருக்குக் கொடுப்பது என்று அம்மா கேட்டார். அப்புறம்தான் காகிதத்தை எடுத்தேன். உயிர் கொடுத்தவன் தகப்பனுக்குச் சமம், எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோனவன் மகன் செய்ய வேண்டியதைச் செய்தான், கூடவே படுத்துக் கிடந்தவன்தான் கணவன் என்கிறான் அரசன். அம்மா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. மறுநாள் சாயங்காலமும் அதே பேச்சுதான்.

சரி, எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் சத்தமாக வாசிக்காதீர்கள். இந்தக் கதைகளை 11ஆம் நூற்றாண்டில் கதாசரித்சாகரம் என்ற சமஸ்கிருத நூலில் எழுதிவைத்த சோமதேவர் குழந்தைகளுக்காக எழுதவில்லை. மந்திரம் கிடைக்கிற இடத்தில், அழுகிற குழந்தையைத் தாய் தூக்கி நெருப்பில் போடுகிறாள். பிறகு மந்திரத்தால் குழந்தை பிழைக்கிறது. ஐந்து வயதுக்காரன் காதில் இது விழ வேண்டாம். ‘ஒரு வீட்டில் அந்த மந்திரச் சுவடியைக் கண்டான்’ என்று ஒரே வரியில் தாண்டினேன். வழக்குக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அவள் இறந்ததையோ எரித்ததையோ எடுத்துவிட்டால் கதையே நிற்காது. அது வேண்டாம் என்று தோன்றினால் வேறு கதை பாருங்கள்.

இன்னொன்று தமிழில் வாசிப்பவர்களுக்கே உள்ள சிக்கல். நம் எழுத்தில் பேச்சு முழுக்க முடிந்த பிறகுதான் ‘என்றான் அரசன்’ வருகிறது. கண்ணால் படிக்கும்போது பார்வை முன்னே போய்விடுகிறது, தெரிவதில்லை. காதால் கேட்பவருக்கோ நான்கு வரி பேசியது யார் என்று கடைசியில்தான் புரிகிறது. அதற்குள் சின்னவன் ‘யாருப்பா பேசுறது?’ என்று கேட்டுவிடுவான். அதனால் பென்சிலால் குறித்துக்கொண்டு ‘அரசன் சொன்னான்’ என்பதை முன்னால் மாற்றிவிடுகிறேன். ‘வந்து, கண்டு, வியந்து’ என்று நீள்கிற பழைய வாக்கியங்களையும் இரண்டாக வெட்டிவிடுவேன். குரலை மாற்றி மாற்றி நடிப்பதைவிட இதுதான் அதிகம் உதவியது.

ஒரு ராத்திரிக்கு ஒரு வழக்கு, வாசிப்பு இருபது நிமிடத்துக்குள். நேரம் வாதத்துக்குத்தான் வேண்டும்.

கடைசிப் புதிரை நெடுநாள் ஒதுக்கிவைத்திருந்தேன். ஒரு தகப்பன் வேறொரு வீட்டுப் பெண்ணை மணக்கிறான், அவன் மகன் அவளுடைய தாயை மணக்கிறான். இரண்டு ஜோடிக்கும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமாதித்தனே பதில் தெரியாமல் வாயடைத்து நின்ற இடம் அது. போன வாரம் வாசித்தேன். மகள் காகிதத்தில் கோடு போட்டுப் பார்க்கிறாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ‘சித்தப்பா முறையும் வருது, மாமன் முறையும் வருதே’ என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். இன்னும் முடியவில்லை.