அதே 6,500 ரூபாய்

2022-ல் எனக்குச் சம்பளம் 18,000. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கிய 80,000, கிரெடிட் கார்டில் 50,000, நண்பனிடம் கைமாற்று 20,000. ஆக மொத்தம் ஒன்றரை லட்சம் கடன். சொத்து என்றால் மனைவியின் மூன்று பவுன் செயின்தான். அன்றைய விலையில் 1,12,000. அதாவது என் மதிப்பு மைனஸ் 38,000!

இந்த நிலையில் இருப்பவரிடம் எல்லாரும் சொல்வது 'டீக்காசைச் சேர்த்து வை' என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் பார்க்க வேண்டியது வட்டியை.

மாதம் 6,500 கட்டிக்கொண்டிருந்தேன். அதில் 4,000 அஞ்சு வட்டிக்காரருக்கு. வருஷத்துக்கு அறுபது சதவீதம், அசலில் ஒரு ரூபாய் குறையாது. கார்டுக்கு 'மினிமம் டியூ' 2,500. ஸ்டேட்மென்டை ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். மூன்றரை சதவீத வட்டி 1,750, அதன்மேல் ஜிஎஸ்டி 315. கட்டிய 2,500-ல் அசலுக்குப் போனது 435 ரூபாய்.

செயினை அடகு வைக்க மனைவிக்கு மனசே இல்லை. விற்கப் போவதில்லை என்று கணக்கெழுதிக் காட்டிய பிறகுதான் கழற்றிக் கொடுத்தாள். வங்கியில் 9 சதவீதத்துக்கு 80,000 கிடைத்தது. வட்டி மாதம் 600 தான். அந்தப் பணத்தோடு நேராக வட்டிக்காரரிடம் போனேன். 'நோட்டை அப்புறம் தர்றேன்' என்றார். புரோநோட்டும், கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் கைக்கு வந்த பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், அடைத்த கடனுக்கே மறுபடி கேஸ் வரும். மிரட்டினால் 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

கார்டு பாக்கியைப் பன்னிரண்டு மாதத் தவணையாக மாற்றினேன். மாதம் சுமார் 4,540. கார்டைப் பீரோவில் போட்டுப் பூட்டியாயிற்று. அதைத் தேய்த்துக்கொண்டே தவணையும் கட்டினால் எந்தப் பலனும் இல்லை.

இப்போதும் மாதம் அதே 6,500 தான். தவணையும் நகை வட்டியும் போக 1,360 மிஞ்சியது. முதலில் அது போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்குக்குப் போனது. கையில் கொஞ்சம் இல்லையென்றால் அடுத்த காய்ச்சலுக்கே மறுபடி அஞ்சு வட்டிதான். நடுவில் பைக் கிளட்ச் போய் 1,800 செலவானது, அங்கிருந்துதான் எடுத்தேன்.

ஒரு வருஷம் கழித்து: கார்டு பாக்கி பூஜ்ஜியம். நண்பனுக்கு 10,000 அடைத்திருந்தேன், கணக்கில் சுமார் 4,500. தங்கத்தை அதே பழைய விலைக்குப் போட்டாலும் பிளஸ் 26,500.

நகைக்கடனிலும் ஆபத்து உண்டு. பல வங்கிகளில் வட்டியை வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்பதால் மறந்துபோகிறோம். கட்டாவிட்டால் நோட்டீஸ், பிறகு ஏலம். மாதாமாதம் 600-ஐ எடுத்து வைத்ததால் 7,200 கட்டி மறு அடகு வைக்க முடிந்தது. செயின் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. மனைவி அவ்வப்போது கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.