கதவை விட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள்

“நீரில் விழுந்த கார் முழுவதும் நிரம்பி அழுத்தம் சமமானதும் கதவைத் திறந்துகொள்ளலாமே?”

அதுவரை மூச்சு தாங்காது. அதற்கு முன் கதவைத் தள்ளித் திறப்பதும் கடினம்: ஒரு மீட்டர் அகலக் கதவில் அரை மீட்டர் உயரத்துக்கு வெளியே நீர் நின்றாலே, ஏறத்தாழ 125 கிலோ எடை அதை அழுத்துவதற்குச் சமம். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்டின் சோதனைகளின்படி, கார் பொதுவாக 30 விநாடி முதல் 2 நிமிடம் வரை மிதக்கும். அதற்குள், நீர் கண்ணாடியை எட்டுவதற்கு முன்பே, சீட் பெல்ட்டைக் கழற்றி, பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளிவிட்டு நாமும் வெளியேறிவிட வேண்டும். பிந்தினால், மோட்டார் வேலை செய்தாலும் நீரின் அழுத்தத்தில் கண்ணாடி சட்டத்தோடு ஒட்டி நகர மறுக்கும். சுத்தியலை நம்புவோர், கண்ணாடியின் மூலையில் ‘லேமினேட்டட்’ என்றிருக்கிறதா என்று இன்றே பார்க்கவும். அவ்வகைக் கண்ணாடி விரிசல் விடுமே தவிர நொறுங்கி வழிவிடாது. கைபேசியில் உதவிக்கு அழைப்பதெல்லாம் கரையேறிய பிறகுதான்.