சந்தைக்கு இடம் கேட்டோம், குத்தகைக்கு விடுகிறார்கள்

நேற்று மாலையிலிருந்து என் பக்கத்தில் வாழ்த்துகள் குவிகின்றன. "சபை ஓம் எண்டிட்டுதாம், சந்தோசம் அக்கா" என்று ஊரிலிருந்தும் எழுதுகிறார்கள், கனடாவிலிருந்தும் எழுதுகிறார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கும் நன்றி சொல்ல மனம் வரவில்லை. எங்கள் ஊர்த் தோட்டக்காரர் தங்கள் விளைச்சலைத் தாங்களே விற்கிற ஒரு சனிச் சந்தைக்குப் பிரதேச சபையிடம் இடம் கேட்டிருந்தோம். நாங்கள் கேட்டது இதை இல்லை. தீர்மானத்தின் கடைசி வரி வரைக்கும் யாராவது வாசித்தீர்களா? வருடாந்தக் கேள்விகோரல் மூலம் கூடிய தொகை கோருபவருக்குச் சந்தையைக் குத்தகைக்கு விடுவதாம். அந்த ஒரு வரியோடு எங்கள் முன்மொழிவு செத்துவிட்டது.

நாங்கள் கேட்டது என்னவென்று திரும்பவும் சொல்கிறேன். சனசமூக நிலையத்துக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமான நாலு பரப்புக் காணி சும்மா கிடக்கிறது. சனிக்கிழமைகளில் காலை 6 மணியிலிருந்து 11 மணி வரை அந்த இடம் வேண்டும். கட்டடம் கேட்கவில்லை. ஒரு தண்ணீர்க் குழாய், சனசமூக நிலையத்து மலசலகூடத்தின் திறப்பு, சந்தை முடிந்ததும் குப்பை ஏற்ற சபையின் உழவு இயந்திரம். எட்டடிக்கு எட்டடியாகக் கோடு போட்டு முப்பது இடம். காய்கறிக்காரருக்கு 100 ரூபா, நாலு பிடி கீரையோடு வருகிற ஆச்சிக்கு 50 ரூபா. அந்தக் காசைச் சபையின் ஊழியர் நேரில் வந்து, பற்றுச்சீட்டுக் கொடுத்து வாங்கவேண்டும். விற்க வருபவர் தன் தோட்டத்தில் விளைந்ததைத்தான் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான். முன்மொழிவின் உயிரே கடைசி இரண்டு வரியில்தான் இருந்தது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு மிச்சத்துக்கு அனுமதி தந்திருக்கிறார்கள்.

இது ஏன் எனக்கு இவ்வளவு சுடுகிறது என்றால், அந்த முன்மொழிவுக்கான கணக்கெல்லாம் சித்தப்பா சொல்லச் சொல்ல, வெள்ளவத்தையில் என் சாப்பாட்டு மேசையில் வைத்து நான் எழுதியவை. அவர் விடிய முதல் கத்தரிக்காயை மூட்டை கட்டி, பனி ஈரத்தோடு சந்தைக்குக் கொண்டுபோவார். வாங்குகிறவர் மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து புழு குத்திய ஒரு காயை எடுத்து எல்லாருக்கும் தெரியக் காட்டுவார். அப்புறம் நூற்றுக்குப் பத்துக் கழிவு. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இந்தக் கழிவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: 60 கிலோ கொண்டுபோனால் 54 கிலோவுக்குத்தான் காசு. கிலோ 100 ரூபா என்று வைத்தால் கையில் வருவது 5,400. அந்த ஆறு கிலோவை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. அதுவும் சேர்ந்துதான் விலைப்படுகிறது.

அதே 60 கிலோவை எங்கள் சனிச் சந்தையில் வைத்துப் பாருங்கள். கடையில் 180 ரூபா விற்கிற நாளில் சித்தப்பா 140க்குக் கொடுக்கலாம். எல்லாம் விற்றுத் தீரும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். 40 கிலோ போகும், 5,600 ரூபா. மிச்சம் 20 கிலோவைப் பதினொரு மணிக்கு மொத்தமாக 80 ரூபாவுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான், 1,600. இடத்துக்கு 100 கழித்தால் 7,100. வாங்குகிறவருக்குக் கிலோவுக்கு 40 ரூபா மிச்சம், விளைவித்தவருக்கு 1,700 ரூபா கூட. இடையில் ஒருவர் நுழையாததால் மட்டும் வருகிற காசு இது.

இப்போது குத்தகைக்காரரை உள்ளே விடுங்கள். ஒருவர் வருடத்துக்கு 6 இலட்சம் கேட்டு எடுக்கிறார் என்று வைப்போம். 52 சனிக்கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 11,500 ரூபாவுக்கு மேல் வருகிறது. முப்பது இடமும் நிரம்பினாலே ஓரிடத்துக்கு 385 ரூபா. சீட்டுக் கிழிக்கிற பெடியனுக்குச் சம்பளம், அவருடைய இலாபம் எல்லாம் சேர்த்தால் 500க்குக் குறையாது. அதுவும் எல்லாச் சனியும் முப்பது பேர் வந்தால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டமெல்லாம் வெள்ளம் நிற்கும்போது பத்துப் பேர் வந்தால் பெரிது. சபை நேரடியாக வாங்கினால் அன்றைக்குப் பத்துப் பேரின் காசு வரும், அவ்வளவுதான். குத்தகைக்காரர் அப்படி இருக்கமுடியாது, அவர் சபைக்குக் கட்டவேண்டிய தொகை மழைக்குக் குறையாது. ஆயிரம் ரூபாவுக்குக் கீரை விற்கிற ஆச்சி 500 ரூபாவை எப்படிக் கொடுப்பார்? கொடுக்கமாட்டார், வரமாட்டார். அவருடைய இடத்தில் தம்புள்ளையிலிருந்து லொறியில் இறக்கி விற்கிற வியாபாரி உட்காருவார். குத்தகைக்காரரையும் நான் குறை சொல்லமாட்டேன், போட்ட காசை அவர் எடுக்கத்தானே வேண்டும். ஆனால் அது விவசாயிகள் சந்தை இல்லை. அப்படி ஒரு சந்தை இரண்டு கட்டை தூரத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

"சபைக்கும் வருமானம் வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும். எங்கள் கணக்கில் முப்பது இடமும் எல்லாக் கிழமையும் நிரம்பினால்கூட வருடத்துக்கு 1,56,000 ரூபாதான். உழவு இயந்திரத்துக்கு டீசல் அடித்தால் பெரிதாக மிஞ்சாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 6 இலட்சம் யாருடைய மடியிலிருந்து வரப்போகிறது? தோட்டக்காரனிடம் கழிவு வெட்டுகிறவர்களைக் கூட்டத்தில் திட்டிவிட்டு, அதே தோட்டக்காரனிடம் இன்னொரு கதவால் பிடுங்குவதா? குத்தகைக்கு விட்டே ஆகவேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. சபை தானே சந்தை நடத்தலாம், தானே கட்டணம் வாங்கலாம்.

"வியாபாரி விவசாயி வேஷத்தில் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?" இது நல்ல கேள்வி, முன்மொழிவில் பதிலும் இருக்கிறது. கமக்காரர் அமைப்பின் பதிவைப் பார்த்து அட்டை கொடுப்பது, அதில் அந்தப் போகத்தில் என்ன பயிர், எத்தனை பரப்பு என்று எழுதுவது. இரண்டு பரப்பில் கத்தரி வைத்தவர் கொட்டுகிற மழையில் கரட், லீக்ஸ், போஞ்சி என்று குவித்து வைத்திருந்தால் பார்த்த உடனே தெரியும். சந்தேகம் என்றால் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம், சைக்கிள் தூரம்தானே. தராசுக்கு அளவீட்டுத் திணைக்கள முத்திரை இருக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தோம். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லைப் போலிருக்கிறது.

"காலை முழுக்கச் சந்தையில் இருந்தால் தோட்டத்துக்கு யார் தண்ணீர் இறைப்பது?" என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு இது சரிவராது. இரண்டு, மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே இடத்தில் முறை வைத்து விற்கலாம் என்று சித்தப்பா சொல்கிறார்.

கடைசியாக, கூட்டத்தில் ஒருவர் சொன்னாராமே, "கொழும்பில இருந்துகொண்டு எங்களுக்குச் சந்தை நடத்தப் படிப்பிக்கினம்" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் கொழும்பில் இருக்கிறேன், உண்மை. காலி வீதியில் ஊர் முருங்கைக்காயை என்ன விலை கொடுத்து வாங்குகிறேன் என்றும் எனக்குத் தெரியும், அதே கிழமை சித்தப்பாவுக்கு என்ன விலை கிடைத்தது என்றும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கிறவள் நான். அந்த முன்மொழிவில் கையெழுத்து வைத்த அத்தனை பேரும் ஊரில் தோட்டம் செய்கிறவர்கள். என்னை என்னவும் சொல்லுங்கள், அவர்களுடைய கையெழுத்தைக் கொழும்புக்காரியின் ஆசை என்று தள்ளாதீர்கள். கூட்டத்துக்குச் சேட்டு மாற்றிக்கொண்டு போன சித்தப்பாவைப் பேசவே விடவில்லை. "அனுமதி தந்தாச்சுத்தானே அண்ணை, பிறகென்ன" என்று இருத்திவிட்டார்களாம்.

கேள்விகோரல் விளம்பரம் இன்னும் வரவில்லை. வந்து ஒருவர் காசு கட்டிவிட்டால் அந்த வருடம் முழுக்க ஒன்றும் செய்யமுடியாது. அதனால் எனக்கு வாழ்த்து எழுதுகிறவர்கள் உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடித்துக் கதையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்து, அந்த வரியைத் திருத்தும் பிரேரணையை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரப் பார்க்கட்டும். ஆறு மாதத்துக்குச் சபையே கட்டணம் வாங்கிப் பார்க்கட்டும். கணக்கை எழுதித் தர நான் தயார்.