வார்ஃபரினும் முருங்கைக்கீரையும்

"வார்ஃபரின் சாப்பிடுறவங்க கீரையைத் தொடவே கூடாதாம். பார்மசிஸ்ட் தேர்வுக் குறிப்புகள்ல இப்படித்தான் சுத்துது, சரியா?"

தவறு. கீரை சாப்பிடலாம், அளவு வாரத்துக்கு வாரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். வார்ஃபரின், வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. ஆகவே நோயாளியின் வழக்கமான சாப்பாட்டுக்கு ஏற்றபடிதான் மாத்திரையின் அளவு அமைகிறது.

வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிடும் ஒருவருக்கு, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.5-இல் நிலையாக நிற்கிறது என்று வையுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு அவர் கீரையை அடியோடு நிறுத்தினால் அது 4-ஐக்கூடத் தாண்டலாம். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம், அடிபடாமலே தோலில் கன்றல், கறுத்த மலம் ஆகியவை அதன் அடையாளங்கள். திடீரென்று தினமும் கீரை சாப்பிடத் தொடங்கினாலோ ஐ.என்.ஆர். இறங்கும், இரத்தம் உறையும் ஆபத்து கூடும்.

இந்தக் கீரை பயத்தில் பெரிய ஆபத்து கண்ணில் படாமல் போவதுதான் எனக்குக் கவலை. அதே நோயாளி மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்துச் சீட்டோடு வருகிறார். அந்த மருந்து, உடலில் வார்ஃபரின் சிதைவதைத் தடுத்து ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். கொடுப்பதற்கு முன் சீட்டு எழுதிய மருத்துவரிடம் பேசுங்கள். அப்புறம், "முதுகுவலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் இபுபுரூஃபென் எடுத்து நீட்டாதீர்கள், அதுவும் இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்.