வாடகை வீட்டுக்கு மேனேஜர் வைக்கிற ஓனர் முதலில் எழுத வேண்டிய கடிதம்

"இனிமேல் வாடகை, ரிப்பேர் எல்லாத்துக்கும் இவரைக் கூப்பிடுங்க" என்று ஒரு வரியும் ஒரு போன் நம்பரும் வாட்ஸ்அப்பில் வந்தால், வாடகைக்கு இருப்பவர் அதை வைத்து என்ன செய்வார்? அந்த நம்பர் உண்மையிலேயே ஓனர் கொடுத்ததா, இவரிடம் காசு கொடுத்தால் செல்லுமா, நம் அட்வான்ஸ் யாரிடம் இருக்கிறது, பாத்ரூம் ஒழுகினால் இவர் செலவு செய்வாரா இல்லை "ஓனரைக் கேட்டுச் சொல்றேன்" என்று நாள் கடத்துவாரா, எதுவுமே அவருக்குத் தெரியாது. தெரியாமலே அடுத்த மாத வாடகையை அவர் யாருக்கோ அனுப்ப வேண்டும். இது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஆறு போர்ஷன் உள்ள வீடு இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் திருச்சிக்கே வந்துவிட்டதால், அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்தேன். ஒரு கம்பெனியில் பல வருடம் மெயின்டெனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தெருக்காரர். ஆள் கிடைத்ததும் முதல் வேலையாக ஆறு குடும்பத்துக்கும் கையெழுத்துப் போட்டு இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தேன். அதில் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஆகும், வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஓனரிடம் கேட்டு வாங்கவும் ஆகும்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் சொத்து மேலாளர் என்பவருக்குத் தனியாகவே இடம் இருக்கிறது. அப்படி ஒருவரை வைத்தால் வாடகைதாரருக்கு ஓனர் சில விவரங்களைக் கொடுத்தாக வேண்டும்: அவர் பெயர், ஓனர்தான் அவருக்கு அதிகாரம் கொடுத்தார் என்பதற்கான ஆதாரம், எந்தெந்த வேலைக்காக அந்த அதிகாரம், எவ்வளவு காலத்துக்கு. மேலாளர் ஒரு நிறுவனம் என்றால், அங்கே யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வரி வாட்ஸ்அப்பில் இதில் பாதிகூட வராது.

இதில் "எந்தெந்த வேலைக்காக" என்பதுதான் உயிர். சென்னையில் வருடக்கணக்காக நடக்கிற ஒரு மோசடி இருக்கிறது. இடையில் ஒருவர் வந்து ஓனரிடம் "நான் மேனேஜ் பண்ணிக்கிறேன், மாதா மாதம் வாடகை உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்" என்று வீட்டை வாங்கிக்கொள்வார். அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் லீஸுக்குக் கொடுத்துவிடுவார். கொஞ்ச மாதம் ஓனருக்கு வாடகை ஒழுங்காகப் போகும், குடும்பமும் நிம்மதியாக இருக்கும். ஒரு நாள் வாடகை நிற்கும்போதுதான் ஓனரும் குடியிருப்பவரும் ஒருவரை ஒருவர் முதல்முறை பார்ப்பார்கள், அதற்குள் ஆள் மறைந்திருப்பார். ஓனருக்கும் வாடகைதாரருக்கும் நேரடித் தொடர்பு அறுந்துபோகும் இடத்தில்தான் இந்த மோசடி பிழைக்கிறது. அதனால் என் கடிதத்தில் மேலாளர் செய்யக்கூடாததையும் எழுதினேன். அவர் புதிதாக அட்வான்ஸ் வாங்க முடியாது, லீஸ் பேச முடியாது, வாடகையை ஏற்றவோ குறைக்கவோ முடியாது, காலி செய்யச் சொல்ல முடியாது. வாடகை உயர்வுக்கும் காலி செய்வதற்கும் மேலாளர் வழியாக நோட்டீஸ் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த இரண்டுக்கும் என் கையெழுத்து இருந்தால்தான் செல்லும் என்று நானே வைத்துக்கொண்டேன். என் நம்பரும் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது.

வாடகையில் நான் மாற்றியது மிகக் கொஞ்சம். பணம் எப்போதும்போல என் அக்கவுண்டுக்கே வரும். அனுப்பிய விவரத்தை மேலாளருக்குப் பகிர வேண்டும், அவர் ரசீது கொடுப்பார், தாமதமானால் அவர்தான் கேட்பார். பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைப்பவர்களுக்கு நிறுவனத்தின் அக்கவுண்டுக்கே வாடகை போகலாம், அதில் தவறில்லை. ஆனால் அக்கவுண்ட் மாறும்போது ஓனர் தானே போன் செய்து சொல்ல வேண்டும், கடிதத்திலும் எழுத வேண்டும். வாடகைதாரரும் பழைய நம்பரில் ஓனரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு, முதலில் ஒரு ரூபாய் அனுப்பி எந்தப் பெயர் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புவது நல்லது.

ரசீது யார் பெயரில் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சம்பளக்காரர் வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்கும்போது, வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். மேலாளர் தன் பெயரில் மட்டும் ரசீது எழுதிக் கொடுத்தால் பிப்ரவரி மாதம் ஆபீசில் அந்தச் சம்பளக்காரருக்குத் தலைவலி. "இன்னாருடைய சார்பில் பெற்றுக்கொண்டது" என்று ஓனர் பெயரும் பான் எண்ணும் ரசீதில் இருந்தால் போதும். ஓனர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு விஷயம்: உள்ளூர் மேலாளர் வாடகை வாங்கினாலும் அது வெளிநாட்டில் வசிப்பவரின் வருமானம்தான், வாடகை கொடுப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு போகாது. இதை ஓனர் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து ரிப்பேர். மேலாளர் வந்ததும் எங்கே உரசல் வரும் என்றால் இங்கேதான். எது ஓனர் செலவு, எது குடியிருப்பவர் செலவு என்று அதே சட்டத்தின் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. கட்டட வேலை, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் மாற்றுவது ஓனருடையது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கெய்சர் ரிப்பேர், ஜன்னல் கண்ணாடி, அடைப்பு எடுப்பது இதெல்லாம் குடியிருப்பவருடையது. கடிதத்தில் இந்தப் பட்டியலை அப்படியே எழுதி, கூடவே ஒரு தொகையையும் போட்டேன். 3,000 ரூபாய் வரையிலான ஓனர் வேலைகளை மேலாளர் என்னைக் கேட்காமலே செய்துவிடலாம், அதற்கு மேல் போனால் போட்டோவும் எஸ்டிமேட்டும் எனக்கு வரும், நான் ஒரு நாளுக்குள் பதில் சொல்வேன். இந்தத் தொகை இல்லாவிட்டால் மேலாளர் வெறும் தபால்காரர்தான். நூறு ரூபாய் வேலைக்கும் எனக்குப் போன் வரும், நான் எடுக்கும்வரை அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

இது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதல் மாடி வீட்டில் ஹால் ஓரமாக சீலிங்கில் ஈரம் படர்ந்து பெயின்ட் உரிய ஆரம்பித்தது. நேர் மேலே இரண்டாம் மாடி பாத்ரூம். கீழ் வீட்டு அக்கா மேலாளருக்குப் போட்டோ அனுப்பினார். வழக்கமாக இந்த இடத்தில் மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் சண்டைக்கு நிற்பார்கள். மேலாளர் மேல் வீட்டுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, எதற்காக வருகிறார் என்று முதல் நாளே எழுதி அனுப்பினார். உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ஓனருக்கும் உண்டு, மேலாளருக்கும் உண்டு. சாவி கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது.

போனதும் டைல்ஸை உடைக்க விடவில்லை அவர். ஈரம் எப்போது கூடுகிறது என்று கீழ் வீட்டில் கேட்டார். நாள் முழுக்க ஒரே மாதிரி சொட்டினால் தண்ணீர் வருகிற பைப்பில் பழுது, குளித்த பிறகு மட்டும் கூடினால் தண்ணீர் போகிற வழியில் அல்லது தரையில் பழுது. இங்கே காலையில்தான் கூடியது. அப்புறம் பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறுகிற நஹானி ட்ராப்பைத் துணியால் இறுக்கமாக அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சில மணி நேரம் அப்படியே விட்டார்கள். கீழே ஈரம் கூடவில்லை, ஆக டைல்ஸ் இடுக்கு சரியாக இருக்கிறது. துணியை எடுத்துவிட்டுத் தண்ணீரை வெளியேற விட்டதும் கீழே சொட்ட ஆரம்பித்தது. ட்ராப்பும் பைப்பும் சேரும் இடம்தான் விட்டுப்போயிருந்தது. பாத்ரூம் முழுக்கப் பெயர்க்காமல் ட்ராப்பைச் சுற்றி மட்டும் உடைத்து, மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, டைல்ஸ் பதித்தார்கள். கீழே சீலிங் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். ஈரத்தோடு அடித்திருந்தால் அது மறுபடியும் உரிந்திருக்கும். 3,000 ரூபாய்க்கு மேல் என்பதால் எஸ்டிமேட் எனக்கு வந்தது, பைப் வேலை என்பதால் முழுச் செலவும் என்னுடையது, இரண்டு வீட்டுக்காரரிடமும் ஒரு பைசா கேட்கவில்லை.

மேலாளருக்கு நான் தருவது மாதச் சம்பளம். அதைக் கொடுக்க வேண்டியது நான்தான், "மேனேஜர் சார்ஜ்" என்று வாடகைதாரர் தலையில் கட்டக்கூடாது. ரிப்பேர் பில்லில் இத்தனை சதவீதம் என்று பேசுவதையும் நான் ஏற்கவில்லை. அப்படி வைத்தால் ட்ராப்பை மாற்றுகிற வேலை முழு பாத்ரூமையும் உடைக்கிற வேலையாக மாறிவிட எல்லா வாய்ப்பும் இருக்கிறது. பில் கடைக்காரர் கொடுத்ததாக இருக்க வேண்டும், மாற்றிய பழைய பொருளின் போட்டோ வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத பல பேச்சுகள் ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே வாய்மொழியாகவே இருக்கும். தரைத்தளத்து அண்ணனுக்குச் சம்பளம் ஏழாம் தேதி, அதனால் அவர் பத்தாம் தேதிக்குள் கொடுப்பார். ஒரு வீட்டுக்கு மொட்டை மாடியில் செடி வைக்க அனுமதி உண்டு. இன்னொரு வீட்டுக்காரர் தன் செலவில் கொசுவலை போட்டிருக்கிறார், காலி செய்யும்போது எடுத்துப் போவார். மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வந்த முதல் மாதமே ஐந்தாம் தேதி கதவைத் தட்டினால், அவர் மேல் தப்பில்லை, ஆனால் அந்த அண்ணனுக்கு அது அவமானம். அதனால் ஒவ்வொரு வீட்டுக் கடிதத்திலும் கடைசிப் பத்தி தனித்தனி. நாம் பேசி வைத்தவை இவை, அட்வான்ஸாக நான் வாங்கியது இவ்வளவு, அது என்னிடமே இருக்கிறது, காலி செய்யும்போது நானே திருப்பித் தருவேன். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். இரண்டு வீட்டிலிருந்து திருத்தம் வந்தது, சேர்த்து எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் அவர்களிடம், ஒன்று மேலாளரிடம், ஒன்று என்னிடம்.

கடிதத்தில் அவர் அதிகாரம் ஒரு வருடத்துக்கு என்று தேதி போட்டிருக்கிறேன். நீட்டித்தாலும் ஆளை மாற்றினாலும் அந்தத் தேதிக்கு முன்பே என்னிடமிருந்து புதுக் கடிதம் வரும். வரவில்லை என்றால் மேலாளரிடம் கேட்க வேண்டாம், நேராக எனக்குப் போன் செய்யுங்கள் என்று ஆறு வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறேன்.