n & (n - 1) சோதனை: ஒரு திருத்தம்

ஓர் எண் இரண்டின் அடுக்கா என்று கேட்கும் நேர்காணல் கேள்விக்கு இப்படி ஒரு பதில் உண்டு: “இரண்டின் அடுக்கா என்று பார்க்க n & (n - 1) == 0 போதும், எந்த எண்ணுக்கும் சரியாக வரும்.”

சி மொழியில் == என்பது &-ஐ முந்திக்கொள்வதால், இவ்வரி n-ஐ (n - 1) == 0 என்பதன் விடையோடு சேர்க்கிறது; அதனால் 1-க்கு மட்டுமே ‘ஆம்’ வரும், 8-க்குக்கூட ‘இல்லை’தான். இதே வரி பைத்தானில் 8-க்குச் சரியாக வருவதும் உண்மையே, ஏனெனில் அங்கே முன்னுரிமை &-க்கு.

அப்படியானால் சி மொழியில் அடைப்புக்குறி இட்டால் போதும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. 1-ஐக் கழிக்கும்போது கடைசி 1 பிட் 0 ஆகி, அதன் வலப்புறப் பூஜ்ஜியங்கள் அனைத்தும் 1 ஆவதால், & அந்த ஒரு பிட்டை மட்டும் அழிக்கிறது; இரண்டின் அடுக்கில் ஒரே ஒரு 1 பிட் இருப்பதால் விடை 0 ஆகிவிடும். 12-இல் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் 1100, பிறகு 1000, பிறகு 0: இரண்டு சுற்று, ஆகவே இரண்டு 1 பிட்டுகள்; அது இரண்டின் அடுக்கு அல்ல. பூஜ்ஜியத்தில் அழிக்க எதுவுமே இல்லாததால், இரண்டின் அடுக்காக இல்லாமலே அது சோதனையில் தேறிவிடும்.

```c
n > 0 && (n & (n - 1)) == 0
```

முதல் நிபந்தனை எதிர்ம எண்களையும் விலக்குகிறது; int வகையின் மிகச் சிறிய எண்ணான INT_MIN-இலிருந்து 1-ஐக் கழிப்பது சி மொழியில் வரையறுக்கப்படாத செயல் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. நேர்காணலில் இவ்வளவு எதிர்பார்ப்பார்களா என்பது கேட்பவரைப் பொறுத்தது. பூஜ்ஜியத்தையாவது நீங்களே சொல்லிவிடுங்கள்.